வார இறுதித் தமிழ் வகுப்புக்கு என்ன பெயர் வைப்பது?

"சிட்னியில் ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கிறோம். நாலு குடும்பம் சேர்ந்து வீட்டிலும் லைப்ரரி அறையிலுமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். 'தமிழ் கிட்ஸ் கிளப்' என்று பெயர். பிள்ளைகள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் பர்த்டே பார்ட்டி, கிரிக்கெட், கோச்சிங் எது வந்தாலும் முதலில் அடிபடுவது தமிழ்தான். அடுத்த வருஷம் ஒரு அரசுப் பள்ளியில் அறை எடுத்து முறையாக நடத்தப் போகிறோம். 'செந்தமிழ் மழலையர் பூங்கா', 'தமிழ் அகாடமி', இல்லையென்றால் ஒரு பெரியவரின் பெயர் என்று பேச்சு ஓடுகிறது. பெற்றோர் சீரியஸாக எடுத்துக்கொள்கிற மாதிரி என்ன பெயர் வைக்கலாம்?"

ஊர்ப் பெயரைப் போட்டு, அதன் பின்னால் 'தமிழ்ப் பள்ளி' என்று வையுங்கள். 'ஸ்கோஃபீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளி', ஆங்கிலத்தில் Schofields Tamil School. கேட்டதும் சப்பென்று இருக்கும். உங்கள் குழுவில் கவிதை எழுதுகிற ஒருவர் இருந்தால் முகம் சுளிப்பார். இருந்தாலும் சிட்னியில் பல வருஷமாகத் தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தில் இருந்தவன் என்ற முறையில், நான் சொல்லக்கூடிய முதல் பெயர் இதுதான். ஏன் என்பதையும், அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் வகுப்பு எதோடு போட்டி போடுகிறது என்று முதலில் பாருங்கள். மற்ற தமிழ் வகுப்புகளோடு இல்லை. நாலாம் வகுப்பில் திறமையான பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர ஓசி தேர்வு, ஆறாம் வகுப்பில் சிறப்பு அரசு ஹைஸ்கூலில் சேர செலக்டிவ் தேர்வு, அவற்றுக்கான கோச்சிங், நீச்சல், கிரிக்கெட், பரதநாட்டியம், கீபோர்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அம்மா போன் காலண்டரைத் திறந்தால் அடுத்த இரண்டு நாளுக்கு இவை வரிசையாக நிற்கும். இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மோதினால் எதை விடுவது என்று அங்கேதான், அரை நிமிஷத்தில், முடிவாகிறது. 'கோச்சிங்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தேர்வு இருக்கிறது. 'கிரிக்கெட்' என்றால் ஒரு அணி காத்திருக்கிறது, வராவிட்டால் ஆள் குறையும். 'கிட்ஸ் கிளப்' என்றால் என்ன இருக்கிறது? இந்த ஊரில் அந்தச் சொல் நினைவூட்டுவது ஸ்கூல் விட்டபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஊஷ் மையத்தையும், ஷாப்பிங் சென்டரில் லீவு நாளில் நடக்கும் கலரிங் மேஜையையும்தான். ஒரு நாள் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பெற்றோர் தமிழை மதிக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த சொல்லை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையின் பக்கமும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை வகுப்பில் டீச்சர் வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்பார். "ஐ வென்ட் டு தமிழ் ஸ்கூல்" என்று ஏழு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிடும். பக்கத்தில் கிரேக்கப் பிள்ளை கிரீக் ஸ்கூல் போயிருக்கும், சீனப் பிள்ளை சைனீஸ் ஸ்கூல் போயிருக்கும். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நண்பன் பர்த்டேக்குக் கூப்பிடும்போதும் "சாட்டர்டே மார்னிங் தமிழ் ஸ்கூல் இருக்கு, மத்தியானம் வர்றேன்" என்று சொல்லலாம். அதே பிள்ளை 'செந்தமிழ் மழலையர் பூங்கா' என்று சொல்லிப் பார்க்கட்டும். டீச்சர் மறுபடி கேட்பார், பிள்ளை திணறும், அடுத்த முறை சொல்லாமலே விட்டுவிடும். வீட்டிலும் நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் எல்லாக் குடும்பமும் கடைசியில் 'தமிழ் ஸ்கூல்' என்றுதான் சொல்லப் போகிறது. வாயில் வரப்போகிற சொல்லையே பெயராகப் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இனி நீங்கள் சொன்ன மற்ற யோசனைகளுக்கு வருகிறேன்.

'மழலையர் பூங்கா' அழகான பெயர்தான், ஐந்து வயதுவரைக்கும். உங்கள் வகுப்பு நடந்தால் அந்தப் பிள்ளைகள் வளர்வார்கள். பத்து வயதுப் பையன், அதிலும் செலக்டிவ் தேர்வு எழுதப் போகிறவன், 'மழலை' என்று அச்சடித்த டீ-ஷர்ட்டைப் போட மாட்டான். பெற்றோரும் ஐந்து, ஆறு வயதில் கொண்டுவந்து விட்டு, எட்டு வயதில் "அவன் பெரியவனாயிட்டான்" என்று நிறுத்திவிடுவார்கள். எழுத்து கூட்டி முடித்து வாசிக்கத் தொடங்குகிற வயது அது. இப்படி நின்றுபோவதற்குப் பெயர் மட்டும் காரணமில்லை, ஆனால் பெயர் ஒரு சாக்கு கொடுக்கிறது. 'பாலர் மலர்' என்று 1970களிலிருந்து சிட்னியில் ஒரு தமிழ்ப் பள்ளி இயங்குகிறதே, அதில் 'பாலர்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்தப் பெயருக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன, அங்கே படித்தவர்களே இன்று பெற்றோராகியிருக்கிறார்கள். அதோடு, அவர்களும் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் 'தமிழ்ப் பள்ளி' என்று சேர்த்தே வைத்திருக்கிறார்கள். நேற்றுத் தொடங்கிய வகுப்புக்கு அந்த நிழல் கிடையாது.

ஐரோப்பாவிலும் இதையே பார்க்கலாம். ஜெர்மனியில் ஈழத்தமிழர் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளுக்குத் 'தமிழாலயம்' என்று பெயர், பிரான்சில் 'தமிழ்ச்சோலை'. சோலை என்பது மென்மையான சொல். ஆனால் அங்கே பெற்றோர் அதை மென்மையாக எடுத்துக்கொள்வதில்லை. நாடு முழுக்க ஒரே பாடநூல், வருஷத்துக்கு ஒரு பொதுத் தேர்வு, வகுப்பு வகுப்பாக ஏறுகிற முறை என்று இருப்பதால் அந்தப் பெயருக்கு எடை வந்தது. நீங்கள் ஒரே ஊரில் ஒரே கிளையோடு தொடங்குகிறீர்கள். சோலை என்று வைத்தால் அது சோலையாகவே கேட்கும்.

'அகாடமி' பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் அந்தச் சொல் நன்றாக வேலை செய்திருக்கிறது. 1998இல் கலிபோர்னியாவில் கலிபோர்னியா தமிழ் அகாடமி தொடங்கியது, இன்று சர்வதேச தமிழ் அகாடமி என்ற பெயரில் பெரிய அமைப்பாக இருக்கிறது. அங்கே பள்ளிகளுக்கே அகாடமி என்று பெயர் வைப்பது சாதாரணம். சிட்னியில் நம் பெற்றோர் அகாடமி என்ற சொல்லைப் பார்ப்பது பெரும்பாலும் கோச்சிங் சென்டர் வாசலிலும் கிரிக்கெட் பயிற்சி விளம்பரத்திலும்தான். அதனால் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள், மறுக்கவில்லை. கூடவே கோச்சிங்கிடம் கேட்பதையும் கேட்பார்கள்: டெஸ்ட் எப்போது, ரேங்க் என்ன, இத்தனை டாலருக்கு என்ன கிடைக்கும். நீங்கள் லாபமில்லாமல், அம்மா அப்பாமாரே ஆசிரியர்களாக நின்று நடத்தும் ஒன்றுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. தன் பிள்ளைக்குச் சேவை வாங்கியதாக நினைக்கிற பெற்றோர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். பள்ளியில் சேர்த்ததாக நினைக்கிறவர் நாற்காலி எடுத்துப் போடவும் வருவார். உங்களுக்கு இரண்டாமவர் வேண்டும்.

பெரியவர் பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். திருவள்ளுவர், ஔவையார், பாரதி என்றால் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உலகம் முழுக்க அந்தப் பெயர்களில் பள்ளிகள் இருக்கின்றன, தேடினால் உங்களுடையது கண்ணில் படாது. அரசியல் தலைவர், ஒரு சமூகத்தின் அடையாளமாக மாறிவிட்ட பெரியவர், சமய குரு என்று போனால் சிக்கல் வேறு. ஸ்கோஃபீல்ட்ஸ், டாலவாங், மார்ஸ்டன் பார்க் பக்கம் இன்று வீடு வாங்கிக் குடியேறுகிறவர்களில் சென்னை, கோவைக்காரர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் இருக்கிறார்கள், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு. ஒரு பெயர் இவர்களில் ஒரு பகுதியினருக்கு "இது நம்ம இடம் இல்லை போல" என்று தோன்றவைத்தால், அவர்கள் உங்களிடம் வந்து காரணம் சொல்ல மாட்டார்கள். பேசாமல் வேறு சபர்புக்குக் கார் ஓட்டிப் போவார்கள். கோயில் பெயரைச் சேர்ப்பதற்கும் இதே பதில்தான். அதோடு, நியூ சவுத் வேல்ஸ் அரசின் சமூக மொழிப் பள்ளிகள் திட்டத்தில் நிதி கேட்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பின்னணியுள்ள பிள்ளையும் சேரலாம் என்பது அங்கே ஒரு நிபந்தனை. ஊர்ப் பெயர் அந்த நிபந்தனையை இயல்பாகவே தாங்கும்.

ஊர்ப் பெயரின் பலம் இதோடு முடிவதில்லை. இங்கே அரசுப் பள்ளிகள் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. ஸ்கோஃபீல்ட்ஸ் பப்ளிக் ஸ்கூல் என்ற பெயர் பெற்றோருக்கு ஏற்கெனவே பழக்கம். அதே அச்சில் வார்த்த பெயர் பக்கத்தில் வந்து நின்றால், பதிவு, வருகைப் பதிவேடு, டெர்ம், ரிப்போர்ட் எல்லாம் இருக்கும் என்று அவர்களே எதிர்பார்ப்பார்கள். ஹோம்புஷ் தமிழ்க் கல்வி நிலையம், வெண்ட்வர்த்வில் தமிழ்க் கல்வி நிலையம் என்று சிட்னியின் பழைய பள்ளிகளும் இந்த வழியில்தான் பெயர் வைத்தன. 'கல்வி நிலையம்' நல்ல சொல், யாழ்ப்பாணத்துக் காதுக்கு இன்னும் நெருக்கமான சொல். 'பள்ளி'யா 'பாடசாலை'யா என்று உங்கள் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தால் 'கல்வி நிலையம்' இரு தரப்புக்கும் ஒத்துவரும். ஆங்கிலத்தில் மட்டும் 'ஸ்கூல்' என்பதை விட வேண்டாம் என்பது என் கருத்து. 'கல்வி நிலையம்' என்பதை 'ஸ்டடி சென்டர்' என்று மொழிபெயர்த்தால் இன்றைய புதுப் பெற்றோருக்கு ஹோம்வொர்க் உதவியோ கோச்சிங்கோ என்று குழப்பம் வருகிறது.

ஊர்ப் பெயரில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. வாடகைக்கு எடுத்த பள்ளியில் கட்டட வேலை தொடங்கினாலோ, அறை கிடைக்காமல் போனாலோ, நீங்கள் பக்கத்து சபர்புக்குப் போக வேண்டியிருக்கும். ஸ்கோஃபீல்ட்ஸ் பெயரில் ஒரு பள்ளி குவேக்கர்ஸ் ஹில்லில் நடந்தால் அதனால் பெரிய குழப்பம் வராது, கொஞ்ச நாளில் பழகிவிடும். அதற்குப் பயந்து 'வெஸ்டர்ன் சிட்னி', 'ஆஸ்திரேலியா' என்று பெரிதாக வைக்காதீர்கள். ஒரு வகுப்பறையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாட்டின் பெயரைத் தாங்கினால், முதல் நாள் வந்து பார்க்கிற தாத்தாவே சந்தேகப்படுவார். நீங்கள் விரும்புகிற ஸ்கோஃபீல்ட்ஸ் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பக்கத்து சபர்பின் பெயரையோ அந்த வட்டாரத்து ஓடை, சாலை ஒன்றின் பெயரையோ எடுங்கள். இருக்கிற பள்ளியின் பெயரை ஒரு எழுத்து மாற்றி வைக்காதீர்கள். கட்டணம் அவர்கள் கணக்குக்குப் போகும், புகார் உங்களுக்கு வரும்.

பெயரில் 'வார இறுதி', 'சாட்டர்டே', 'சண்டே' என்று எதுவும் வேண்டாம். இதற்கு ஒரு நல்ல உள்ளூர் உதாரணம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் கல்வித்துறையே ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சனிக்கிழமைகளில் மொழிகள் சொல்லித் தருகிறது. தமிழும் அதில் ஒன்று. அந்தப் பள்ளியின் பழைய பெயர் Saturday School of Community Languages. சில ஆண்டுகளுக்கு முன் அதை Secondary College of Languages என்று மாற்றினார்கள். வகுப்பு இன்றும் சனிக்கிழமைதான் நடக்கிறது. பெயரில் மட்டும் கிழமை போய், பிள்ளை எந்த நிலையில் படிக்கிறான் என்பது வந்துவிட்டது. உங்களுக்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: சனிக்கிழமை அறை கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.

அந்த அரசுப் பள்ளியைச் சொன்னது இன்னொரு காரணத்துக்காகவும்தான். பெற்றோரிடம் உங்கள் பெயரைச் சொல்லும்போது அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிய வேண்டும். இந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எச்எஸ்சி தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம், இரண்டு யூனிட், அந்த மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏட்டார் கணக்கிலும் சேரும். உங்களிடம் ஆறாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளை ஏழாம் வகுப்பில் அந்தச் சனிக்கிழமைப் பள்ளிக்கோ, உயர்வகுப்பு நடத்தும் ஒரு சமூகப் பள்ளிக்கோ போய், பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வு எழுதலாம். இதைப் பெயரிலேயே நுழைக்க முயலாதீர்கள். பெயருக்குக் கீழே ஒரு வரி போதும்: 'கிண்டர்கார்ட்டன் முதல் ஆண்டு 6 வரை'. பள்ளி என்ற சொல்லும் இந்த வரியும் சேர்ந்தால், தமிழுக்கு ஒரு ஏணி இருக்கிறது, நடுவில் இறங்கினால் நஷ்டம் என்பது பெற்றோருக்குப் புரிந்துவிடும். கிளப்புக்கு ஏணி கிடையாது.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் உணர்ச்சிவசப்படாதீர்கள். Thamizh என்று எழுத வேண்டும் என்று குழுவில் கட்டாயம் ஒருவர் சொல்வார், இன்னொருவர் Thamil என்பார். இருவரும் தமிழ் மேல் உள்ள பற்றில்தான் சொல்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடுகிற அம்மா Tamil school என்றுதான் தட்டுவார். கல்வித்துறையின் பாடத்திட்டத்திலும் எச்எஸ்சி சான்றிதழிலும் Tamil என்றே இருக்கிறது. பிள்ளையின் சான்றிதழைப் பார்க்கிற ஹைஸ்கூல் முதல்வர் இரண்டும் ஒரே மொழிதானா என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது. ஆங்கிலப் பெயரில் Tamil, தமிழ்ப் பெயரில் 'தமிழ்' என்று ழகரத்தோடு பெரிதாக இருக்கட்டும்.

தமிழ்ப் பெயரில் ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். 'தமிழ்ப் பள்ளி', 'தமிழ்க் கல்வி நிலையம்'. ப், க் விட்டுப்போன பேனரைத் தாத்தா பாட்டிகள் முதல் நாளே சுட்டிக்காட்டுவார்கள், அதுவும் தமிழ் சொல்லித் தருகிற இடத்தில். இதைவிடப் பெரிய தொல்லை அச்சகத்தில் வரும். இங்குள்ள பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் டைப் செய்து அனுப்பிய எழுத்தை அவருடைய மென்பொருளில் ஒட்டும்போது 'ஸ்கோ'வின் கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும், புள்ளி இடம் மாறும். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் பெயரை எழுத்தாக அனுப்பாதீர்கள். உங்கள் கணினியிலேயே வடிவமைத்து, எழுத்துகளை வரைவடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் புரூஃப் கேட்டு வாங்கித் தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

இனி பதிவு. முறையாக நடத்தப் போகிறோம் என்கிறீர்கள், அப்படியானால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் ஒரு சங்கமாகப் பதிவு செய்வது வழக்கமான வழி. குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வேண்டும், பெயரின் கடைசியில் Incorporated அல்லது Inc என்று வரும். ஆகவே உங்கள் முழுப் பெயர் Schofields Tamil School Incorporated என்று அமையும். இதற்கு முன்னால் மூன்று இடத்தில் தேடுங்கள்: ஃபேர் டிரேடிங்கின் சங்கப் பட்டியல், நாடு முழுக்க வணிகப் பெயர்களைப் பதிவு செய்யும் ஏசிக் அமைப்பின் பட்டியல், அப்புறம் சாதாரண கூகுள், ஃபேஸ்புக். பதிவே இல்லாமல் பத்து வருஷமாக ஒரு கோயில் மண்டபத்தில் அதே பெயரில் வகுப்பு நடத்துகிறவர் இருக்கலாம், அவர் ஃபேஸ்புக்கில் மட்டும்தான் தெரிவார். அவரோடு ஒருமுறை போனில் பேசிவிடுவது எந்தச் சட்டத்தையும்விட நல்லது. ஒருவேளை சேர்ந்தே நடத்தலாம் என்றுகூட முடியலாம்.

பதிவான பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக் கணக்கு, பொது இழப்பீட்டுக் காப்பீடு, அரசுப் பள்ளி அறைக்கான ஒப்பந்தம், நிதி விண்ணப்பம், பிள்ளையின் சான்றிதழ், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல். பெற்றோர் கட்டணம் அனுப்பும்போது வங்கித் திரையில் ஒரு தனிநபர் பெயர் வந்தால் அது டியூஷன். பள்ளியின் பெயர் வந்தால் அது பள்ளி. இந்த ஒரு திரை, நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அதிகம் செய்யும்.

உள்ளே வகுப்புகளுக்கும் பெயர் வைப்பீர்கள், அங்கேயும் ஒரு இடறல் இருக்கிறது. மொட்டு, அரும்பு, மலர் என்று வைக்க ஆசை வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சரி. பிறகு எது மேலே எது கீழே என்று பெற்றோருக்கே மறந்துவிடும், பிள்ளை மேலே ஏறியதும் தெரியாது. 'ஆண்டு 3' என்று பகல் பள்ளியைப் போலவே எண்ணினால் தெளிவாக இருக்கும், ஆனால் ஒன்பது வயதில் முதல்முறையாக அ, ஆ எழுத வருகிற பிள்ளையை எங்கே வைப்பது? ஆண்டு 1 என்றால் அவமானம், ஆண்டு 4 என்றால் ஒன்றும் புரியாது. அதனால் 'நிலை 1, நிலை 2' என்று தனி எண் கொடுத்து, வயதில் பெரிய புதியவர்களுக்கு ஒரு தொடக்க வகுப்பைத் தனியாக வையுங்கள். அந்தத் தொடக்க வகுப்பிலேயே நிலை 1, 2 பாடங்களை வேகமாக முடித்துவிட்டு வயதொத்தவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ரிப்போர்ட்டில் 'நிலை 2 முடித்தார்' என்று வந்தால் அது பெற்றோர் கையில் எடுத்துவைக்கக்கூடிய ஒன்று.

பள்ளி என்று பெயர் வைத்தபிறகு அது பள்ளியாக நடக்காவிட்டால் 'கிளப்' என்று இருந்ததைவிட மோசமாகப் போகும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாநிலப் பள்ளிகளின் நாலு டெர்ம் நாட்காட்டியையே பின்பற்றுங்கள், அரசுத் திட்டத்துக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது பாடம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வருகைப் பதிவேடு எடுங்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே ஒரு செய்தி போகட்டும். கட்டணம் குறைவாக இருந்தாலும் வாராவாரம் வாங்காமல் டெர்முக்கு ஒருமுறை முன்கூட்டியே வாங்குங்கள். வாரக் கட்டணம் என்றால் வராத வாரம் மிச்சம் என்ற கணக்கு வந்துவிடும். பெயர் வேலை செய்கிறதா என்பதை இரண்டாம் டெர்மில் பார்க்கலாம். வர முடியாத பெற்றோர் முன்னாடியே தகவல் சொல்லத் தொடங்கியிருந்தால் பெயர் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் வராமல் இருந்தால் பெயர்ப் பலகை மட்டும்தான் மாறியிருக்கிறது. அப்போது பெயரை மறுபடி மாற்றாதீர்கள், பதிவேட்டையும் ரிப்போர்ட்டையும் பாருங்கள்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் பத்துப் பெயரை எழுதி வாக்கெடுப்பு நடத்தினால் யாருக்கும் பிடிக்காத ஒன்று ஜெயிக்கும். இரண்டே பெயரை எடுத்துக்கொண்டு, உங்கள் குழுவில் இல்லாத, புதிதாக அந்தப் பக்கம் குடிவந்த சில பெற்றோரிடம் போனில் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காமல், "இது எத்தனை வயதுப் பிள்ளைகளுக்கு, வாரத்துக்கு எவ்வளவு நேரம், ஒரு நாள் விட்டால் பரவாயில்லையா?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை வைத்து முடிவு செய்யுங்கள். எழுதிக் காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். பெயர் பரவப்போவது பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்களின் பேச்சில்தான்.

நேரம் அதிகம் இல்லை. இங்கே கல்வியாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ தொடங்கிவிடும், பெற்றோர் அடுத்த வருஷத்து வார இறுதிகளை அக்டோபரிலிருந்தே நிரப்பத் தொடங்குகிறார்கள். செப்டம்பருக்குள் பெயரை முடிவு செய்து, சங்கப் பதிவுக்குக் கொடுத்து, நாலாம் டெர்ம் தொடக்கத்தில் சேர்க்கைப் படிவத்தை வெளியிட்டுவிடுங்கள். இப்போது இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் புதுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கட்டணம் கட்டிச் சேரட்டும், தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிட வேண்டாம். கிளப்பிலிருந்து அப்படியே நகர்த்திக் கொண்டுவந்தால் அவர்களுக்கு அது கிளப்பாகவேதான் இருக்கும்.